தடைக்கால ஆய்வில் ‘உணவுப் பாதுகாப்பின்மை’: முதல் அத்தியாயத்தில் எந்த வரையறையை எடுப்பது?

முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் கரையில் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி ஆய்வு செய்ய வரும் மாணவர்கள் பலர் ஏறக்குறைய ஒரே தலைப்போடுதான் வருகிறார்கள்: ‘தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர் குடும்பங்களின் உணவுப் பாதுகாப்பின்மை’. நல்ல தலைப்பு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் செய்யத் தகுந்ததும்கூட. ஆனால் முதல் அத்தியாயத்தில் ‘முக்கியச் சொற்களின் வரையறை’ என்ற பகுதிக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். ஓர் அறிஞர் சொன்னதை எழுதிவிட்டு, கீழே ‘இந்த ஆய்வில் உணவுப் பாதுகாப்பின்மை என்பது தடைக்காலத்தில் குடும்பங்கள் படும் உணவுச் சிரமத்தைக் குறிக்கிறது’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாளைக்கே குளச்சலில் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா? எதைக் கேட்பது, எந்தப் பதில் வந்தால் ‘பாதுகாப்பின்மை உண்டு’ என்று குறிப்பது? வரியில் ஒன்றும் இல்லை.

கருத்து வரையறை ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்று சொல்கிறது. செயல்பாட்டு வரையறை அதை எப்படிக் கண்டுபிடித்து எண்ணாக்கப் போகிறோம் என்று சொல்கிறது. முதலாவதைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. இரண்டாவதில்தான் உண்மையான முடிவு இருக்கிறது, ஏனென்றால் எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே வீடு ‘பரவாயில்லை’ பட்டியலிலும் விழலாம், ‘மோசம்’ பட்டியலிலும் விழலாம். இந்தத் தலைப்புக்கு மாணவர்கள் கையில் எடுக்கும் மூன்று வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் கருத்து வரையறை. 1996இல் ரோம் நகரில் நடந்த உலக உணவு உச்சி மாநாட்டின் வரையறையைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள், எடுக்கவும் வேண்டும். எல்லா மக்களுக்கும் எல்லா நேரத்திலும், ஆரோக்கியமாகச் சுறுசுறுப்பாக வாழப் போதுமான, பாதுகாப்பான, சத்துள்ள, தங்கள் விருப்பத்துக்கும் ஏற்ற உணவு கைக்கெட்டும் இடத்திலும் வாங்கும் சக்திக்குள்ளும் இருப்பதே உணவுப் பாதுகாப்பு என்பது அதன் சாரம். இதற்குள் நான்கு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. உணவு இருப்பது, அது இந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது, உடம்பில் ஒட்டுவது, இந்த நிலை குலையாமல் தொடர்வது. தடைக்கால ஆய்வுக்கு இந்த நான்கில் எது வேண்டும்? சந்தையில் அரிசியும் காய்கறியும் இல்லாமல் போவதில்லை. குளச்சல் சந்தை ஜூனிலும் நடக்கிறது. வருமானம் நின்றுபோவதால் வாங்க முடியாமல் போவதுதான் பிரச்சினை. ஆக, ஆய்வாளர் பிடிக்க வேண்டியது ‘கிடைப்பது’ என்ற இரண்டாவது பகுதியை.

வாய்மொழித் தேர்வில் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். ‘உங்கள் வரையறையில் சத்துள்ள உணவு என்று இருக்கிறதே, சத்தை எங்கே அளந்தீர்கள்?’ என்று வெளித் தேர்வாளர் கேட்டால் பதில் இருக்காது. பெரிய கருத்தை முழுதாக எழுதிவிட்டு அதில் ஒரு துண்டை மட்டும் அளப்பது தவறில்லை. எந்தத் துண்டு என்பதைக் கருத்து வரையறைக்கு அடுத்த வரியிலேயே சொல்லிவிட வேண்டும்: ‘இந்த ஆய்வு இவற்றில் குடும்பத்துக்கு உணவு கிடைக்கும் நிலையை மட்டுமே எடுத்துக்கொள்கிறது’. இந்த ஒரு வாக்கியம் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

இனி அளவுகோல்கள்.

குடும்ப அட்டையை வைத்து

வேலை குறைவு என்பதால் சிலர் இந்த வழிக்குப் போகிறார்கள். முன்னுரிமை அட்டை, அந்தியோதயா அட்டை உள்ள குடும்பம் உணவுப் பாதுகாப்பு இல்லாதது, மற்றது உள்ளது என்று வரையறுத்துவிடுவது. அட்டையைப் பார்த்தால் போதும், கேள்வியே வேண்டாம். ஆனால் அட்டை மார்ச் மாதத்திலும் அதேதான், ஜூலையிலும் அதேதான். தடை வந்ததும் என்ன மாறியது என்று கேட்கும் ஆய்வுக்கு மாறாத ஒன்றை அளவுகோலாக வைத்தால் விடை எப்படி வரும்? அதோடு, தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்கும் உரியது. 2011 முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமலே வருகிறது. அட்டை வகை, பின்னணித் தகவலாக வினாத்தாளின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். வரையறையாக வேண்டாம்.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும் இடையில்தான். இரண்டும் அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி அமைப்பு நிதியளித்த ஃபான்டா திட்டத்தில் வடிவம் பெற்றவை. இரண்டுக்கும் வழிகாட்டி நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள்: பன்னிரண்டு உணவுத் தொகுதிகள்

இது ஹவுஸ்ஹோல்ட் டயட்டரி டைவர்சிட்டி ஸ்கோர். கடந்த 24 மணி நேரத்தில் வீட்டில் சமைத்ததில் எத்தனை வகை உணவுத் தொகுதி இருந்தது என்று கேட்டு எண்ணுவது. தானியம், கிழங்கு, காய்கறி, பழம், இறைச்சி, முட்டை, மீன், பருப்பு, பால், எண்ணெய், இனிப்பு, மசாலாவும் பானங்களும் என்று பன்னிரண்டு தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் உண்டு அல்லது இல்லை. எவ்வளவு சாப்பிட்டார்கள் என்ற கேள்வி இல்லை. மதிப்பெண் 0 முதல் 12 வரை.

இதன் நல்ல பக்கம், கேட்பது எளிது, சொல்பவருக்குக் கூச்சம் இல்லை. நேற்று என்ன சமைத்தீர்கள் என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் பத்து நிமிடம் போதும்.

சிக்கல் நம் ஊர் சாப்பாட்டில் வருகிறது. மரச்சீனிக் கிழங்கு அவித்து, தேங்காய் எண்ணெய் ஊற்றிய மீன் கறி, குடிக்கச் சர்க்கரை போட்ட கட்டன் சாயா. இந்த ஒரு வேளைச் சாப்பாட்டிலேயே கிழங்கு, மீன், எண்ணெய், இனிப்பு, மசாலாவும் பானமும் என்று ஐந்து மதிப்பெண் வந்துவிடும். நாள் முழுக்க அதை ஒரே ஒரு வேளைதான் சாப்பிட்டார்கள் என்றாலும் ஐந்துதான். மீன் கறி என்பது கால் கிலோ சாளை வாங்கி ஆறு பேர் பங்கிட்டதாக இருக்கலாம், மதிப்பெண் மாறாது. கடற்கரை வீட்டில் மீன் என்ற கட்டம் எப்படியும் நிரம்பிவிடும். புதுமீன் இல்லாவிட்டால் கருவாடு. வள்ளத்துக்காரரிடமிருந்து ஒரு கை மீன் வரும். ஆக, மற்ற ஊர்களில் வறுமையைக் காட்டும் கட்டம் இங்கே எதையும் காட்டாது.

இன்னொன்று, இந்த மதிப்பெண்ணுக்கு எல்லா இடத்துக்கும் பொதுவான வெட்டுக்கோடு கிடையாது. ஆறா, ஏழா, எதற்குக் கீழே பாதுகாப்பின்மை? ஆய்வுப் பகுதியிலேயே உணவில் அதிகப் பன்முகம் உள்ள மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களின் சராசரியை இலக்காக எடுக்கலாம் என்பது வழிகாட்டியின் யோசனைகளில் ஒன்று. அதையே செயல்பாட்டு வரையறையாக எழுதினால், ‘தன் பக்கத்து வீட்டை விடக் குறைவாக வகை சாப்பிடும் வீடு’ என்பது போன்ற ஒரு பொருள் வந்துவிடும். ஒரு திட்டத்தின் முன்பின் மாற்றத்தைக் காட்ட அது சரி. ‘எத்தனை சதவீதக் குடும்பங்கள் பாதுகாப்பின்றி இருக்கின்றன’ என்று கேட்கும் ஆய்வுக்குப் போதாது.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். நேற்று என்பது வீட்டில் வழக்கமான நாளாக இருக்க வேண்டும் என்பது விதி. கடற்கரை ஊரில் ஞாயிறு என்றால் முடிந்தவர் வீட்டில் இறைச்சி. கோயில் திருவிழா, கல்யாணம், இறப்பு வீடு என்றால் எல்லாம் மாறும். ஆகவே திங்கட்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைக் கேட்கும் ஆய்வாளருக்கு ஊரே செழிப்பாகத் தெரியும்.

நான்கு வாரமாக என்ன நடந்தது: ஒன்பது கேள்விகள்

இதுதான் ஹவுஸ்ஹோல்ட் ஃபுட் இன்செக்யூரிட்டி ஆக்சஸ் ஸ்கேல், சுருக்கமாக எச்.எஃப்.ஐ.ஏ.எஸ். இதன் பெயரிலேயே ‘ஆக்சஸ்’ இருப்பதைக் கவனியுங்கள். நாம் பிரித்தெடுத்த ‘கிடைப்பது’ என்ற துண்டை அளக்கவே செய்யப்பட்டது. கருத்துக்கும் அளவுக்கும் இடையில் இடைவெளி குறைவு.

கேள்விகள் லேசானதில் தொடங்கிக் கடுமையானதில் முடிகின்றன. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கவலை வந்ததா. விரும்பிய உணவைச் சாப்பிட முடியாமல் போனதா. ஒரே மாதிரிச் சாப்பாட்டையே திரும்பத் திரும்பச் சாப்பிட வேண்டி வந்ததா. பிடிக்காததைச் சாப்பிட வேண்டி வந்ததா. வேளைக்குச் சாப்பிடும் அளவைக் குறைத்தார்களா. வேளையையே குறைத்தார்களா. வீட்டில் சாப்பிட ஒன்றுமே இல்லாமல் போனதா. இரவு பசியோடு படுத்தார்களா. ஒரு பகலும் இரவும் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார்களா. ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றால், எவ்வளவு முறை என்று அடுத்த கேள்வி. நான்கு வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு முறை என்றால் ‘எப்போதாவது’, மதிப்பெண் 1. மூன்று முதல் பத்து முறை என்றால் ‘சில சமயம்’, மதிப்பெண் 2. பத்துக்கு மேல் என்றால் ‘அடிக்கடி’, மதிப்பெண் 3. எல்லாம் கூட்டினால் 0 முதல் 27 வரை.

வீட்டில் சமையலைக் கவனிப்பவரிடம்தான் கேட்க வேண்டும். நம் கரையில் அது பெரும்பாலும் பெண். கவலையைக் கேட்கும் முதல் கேள்வியைத் தவிர மற்ற ஒவ்வொரு கேள்விக்குள்ளும் ‘வசதி இல்லாததால்’ அல்லது ‘போதுமான உணவு இல்லாததால்’ என்ற காரணம் கட்டாயம் இருக்க வேண்டும். மாணவர்கள் மொழிபெயர்க்கும்போது இதை நழுவவிட்டால் ஒரு குழப்பம் வரும். கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். தவக்காலத்தில் ஒருவேளை குறைப்பதும் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பதும் பக்தி, பற்றாக்குறை இல்லை. 2025இல் ஈஸ்டர் ஏப்ரல் 20ஆம் தேதி வந்தது. ஏப்ரல் 15இல் தொடங்கும் கிழக்குக் கரைத் தடையின் முதல் நாட்கள் புனித வாரத்தோடு சேர்ந்துவிட்டன. அந்தக் காரணத்தைச் சேர்த்துக் கேட்காத வினாத்தாள், அந்த வாரத்து நோன்பையும் பசியாக எண்ணியிருக்கும்.

இந்தக் கேள்விகள் நம் ஊரில் எப்படி ஓடுகின்றன என்பதற்கு ஒரு சின்ன மாதிரி. வீட்டில் சாப்பிட ஒன்றுமே இல்லாமல் போனதா என்ற ஏழாவது கேள்வியைக் கேட்டால், ஒரு அம்மா சொல்லக்கூடிய பதில் இப்படித்தான் இருக்கும்: ‘சோத்துக்கு என்ன மக்ளே, ரேசனரிசி உண்டு. கறிக்குத்தான் பாடு.’ ஏழுக்கு ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும், ஆனால் அந்தப் பதில் மூன்றாம் கேள்விக்கான ‘ஆம்’. விலையில்லா அரிசி இருப்பதால் கடைசி மூன்று கேள்விகளுக்கு இங்கே ‘ஆம்’ குறைவாகவே வரும். வித்தியாசம் தெரிவது முதல் நான்கில். இது அளவுகோலின் குறையன்று. ஆனால் மதிப்பெண்கள் கீழ்ப்பக்கம் கூடிக்கிடக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து, சராசரியை மட்டும் நம்பும் பகுப்பாய்வைத் தவிர்க்க வேண்டும்.

விரும்பிய உணவு என்ற இரண்டாம் கேள்வியிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. கடற்கரையில் விரும்பிய உணவு என்றால் புதுமீன். தடைக்காலத்தில் புதுமீன் விலை ஏறி, கருவாட்டில் நாள் ஓடினால் அது ஆமா, இல்லையா? என் பதில்: புதுமீன் வாங்கப் பணம் இல்லாததால் கருவாடு என்றால் ஆம். சந்தையில் அவர்கள் விரும்பும் மீனே வராததால் என்றால் இல்லை. இதை முன்னோட்ட ஆய்வின்போதே முடிவு செய்து, கேள்வி கேட்கப் போகும் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் முட்டத்தில் ஒரு மாதிரியும், இன்னொருவர் தேங்காய்ப்பட்டணத்தில் வேறு மாதிரியும் குறித்துக்கொண்டு வருவார்கள்.

ஒரே அளவுகோலுக்குள்ளும் இரண்டு வரையறை

இந்த ஒன்பது கேள்விகளை எடுத்துக்கொண்டோம் என்று எழுதியவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கும் மாணவர்கள் பலர். ‘எச்.எஃப்.ஐ.ஏ.எஸ். அளவுகோலில் பெறும் மதிப்பெண்’ என்று ஒரு வரி எழுதுவார்கள். ஆனால் அதே பதில்களிலிருந்து இரண்டு வித முடிவு எடுக்கலாம். ஒன்று, மொத்த மதிப்பெண். மற்றது, வழிகாட்டியே தரும் நான்கு வகை: பாதுகாப்பு உள்ளது, லேசான பாதுகாப்பின்மை, மிதமான பாதுகாப்பின்மை, கடுமையான பாதுகாப்பின்மை. இரண்டும் ஒத்துப்போகும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். கற்பனையாக இரண்டு வீட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் வீடு குளச்சலில். கணவர் விசைப்படகில் பங்குத் தொழிலாளி. நான்கு வாரமும் கவலை அடிக்கடி, 3. விரும்பியது சாப்பிட முடியாதது அடிக்கடி, 3. ஒரே மாதிரிச் சாப்பாடு எப்போதாவது, 1. பிடிக்காததைச் சாப்பிட்டது எப்போதாவது, 1. அளவும் வேளையும் குறைக்கவில்லை. மொத்தம் 8. இரண்டாவது வீடு பக்கத்துத் தெருவில். கவலை சில சமயம், 2. வேளையைக் குறைத்தது எப்போதாவது, 1. இரவு பசியோடு படுத்தது எப்போதாவது, 1. மற்ற எல்லாம் இல்லை. மொத்தம் 4.

மதிப்பெண்ணைப் பார்த்தால் முதல் வீடு இரண்டு மடங்கு மோசம். வகையைப் பார்த்தால் தலைகீழ். முதல் வீட்டில் அளவும் வேளையும் குறையவில்லை, ஒரே மாதிரிச் சாப்பாடும் எப்போதாவதுதான், ஆகவே அது ‘லேசான’ வகை. இரண்டாவது வீட்டில் கடைசி மூன்று கேள்விகளில் ஒன்று வந்துவிட்டது. பசியோடு படுத்தது ஒரே ஒரு இரவு என்றாலும் விதிப்படி அது ‘கடுமையான’ வகை. எது உண்மை? இரண்டும் ஒரே உண்மையின் இரண்டு கோணங்கள்தான். கவலையும் விருப்பக் குறைவும் எத்தனை நாள் இருந்தாலும் ஒரு நாள் பசிக்கு ஈடாகாது என்பது வகைப்படுத்தலின் கருத்து. கவலையும் பசியும் ஒரே எடை என்பது கூட்டல் மதிப்பெண்ணின் கருத்து. இதில் எது உங்கள் ஆய்வுக்குப் பொருந்தும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என் பரிந்துரை, ‘எத்தனை குடும்பங்கள்’ என்று கேட்கும் ஆய்வுக்கு வகையே போதும். சதவீதமாகச் சொல்லலாம், படிப்பவருக்கும் பொருள் புரியும். தடைக்கு முன்னும் தடைக்கால நடுவிலும் அதே வீடுகளை இருமுறை அளந்து மாற்றத்தைக் காட்டுவதென்றால் மதிப்பெண் உதவும், சின்ன மாற்றத்தையும் அது பிடிக்கும். எதை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் பெயரைச் சொல்லி எழுதிவிட்டு, நான்காம் அத்தியாயத்தில் அதையே அட்டவணை போட வேண்டும். வரையறையில் வகை, அட்டவணையில் சராசரி மதிப்பெண் என்று இருக்கும் ஆய்வேடுகளைத் திருத்துவதில்தான் மேற்பார்வையாளரின் பாதி நேரம் போகிறது.

நான்கு வாரமும் 61 நாளும்

இது நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். ‘தடைக்காலம்’ என்ற சொல்லுக்கும் செயல்பாட்டு வரையறை வேண்டும், ஏனென்றால் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் இருக்கிறது. சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாட்கள். ஜூன் 1 முதல் 14 வரை மட்டும் இரண்டு பக்கமும் மூடியிருக்கும். அப்புறம் தூத்தூர், வள்ளவிளை போன்ற மேற்கோர ஊர்களிலிருந்து கேரளத் துறைமுகங்களில் கிடக்கும் படகுகளில் போகிறவர்கள் இருக்கிறார்கள். கேரளத்தின் இழுவலைத் தடை ஜூன் 9 நள்ளிரவு முதல் 52 நாட்கள். ‘தடைக்காலம் என்பது அரசு அறிவிக்கும் காலம்’ என்ற வரி மூன்று பேருக்கும் மூன்று பொருள் தரும்.

இப்போது ஒன்பது கேள்விகளின் நான்கு வாரத்தை இதோடு சேருங்கள். ஜூன் 15ஆம் தேதி குளச்சலில் ஒரு வீட்டில் உட்கார்ந்து ‘கடந்த நான்கு வாரமாக’ என்று கேட்டால் பாதி நாட்கள் தடைக்கு முந்தியவை. வரும் பதில் தடைக்காலத்தின் விளைவு இல்லை. முழு நான்கு வாரமும் தடைக்குள் வர வேண்டுமானால் மேற்குக் கரையில் ஜூன் 29 முதல்தான் கேட்கத் தொடங்க வேண்டும், ஜூலை 31க்குள் முடிக்க வேண்டும். 33 நாட்கள். சின்னமுட்டத்தில் அதே கணக்கு மே 13 முதல் ஜூன் 14 வரை. அங்கே முடித்துவிட்டு மேற்கே வந்தால் இரண்டு வாரம் இடைவெளியோடு ஒரே ஆய்வாளர் இரண்டையும் செய்துவிடலாம். இதைக் கணக்கிடாமல், கல்லூரி விடுமுறை கிடைத்த மே மாதத்திலேயே மேற்குக் கரையில் தரவு திரட்டிவிட்டுத் தலைப்பில் தடைக்காலம் என்று போட்டால் அந்த ஆய்வு தலைப்போடு பொருந்தாது. எவ்வளவு அழகான புள்ளியியலும் அதைக் காப்பாற்றாது.

பன்னிரண்டு தொகுதி அளவுகோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது நேற்றைய நாளை மட்டும் கேட்பதால் தடையின் இரண்டாம் நாளே கேட்கலாம். நேரம் இல்லாத முதுகலை மாணவருக்கு இது ஒரு உண்மையான சாதகம். ஆனால் அந்த இரண்டாம் நாளில் வீட்டில் இன்னும் கடைசிப் பங்கின் பணம் இருக்கும். தடையின் கஷ்டம் அப்போது தொடங்கியிருக்காது. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் எட்டுக் கேள்வி அளவுகோல் ஒன்றும் உண்டு, வழக்கமாக 12 மாதத்தைப் பற்றிக் கேட்பது. நாடுகளை ஒப்பிட அது சிறந்தது. 61 நாளைத் தனியே பிரித்துப் பார்க்க 12 மாதம் உதவாது, அதன் 30 நாள் வடிவத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

யார் அந்தக் குடும்பம்

‘விசைப்படகுத் தொழிலாளர் குடும்பம்’ என்பதையும் விட்டுவிடக் கூடாது, ஆனால் இதில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. தடை விசைப்படகுக்கு. வள்ளமும் கட்டுமரமும் போகலாம், மீன் விலை ஏறியிருக்கும் அந்த நாட்களில் அவர்களுக்குக் கொஞ்சம் நல்ல காலமும் வரலாம். ஆகவே மீனவர் நல வாரிய உறுப்பினர் என்பதையே அளவாக எடுத்தால் இரண்டு தரப்பும் ஒரே மாதிரியில் கலந்துவிடும், தடையின் விளைவு இல்லாதது போலத் தெரியும். படகு வகையைச் சொல்லி வரையறுப்பதே சரி. ‘ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள்’ என்று குடும்பத்தை வரையறுக்கும்போது கடலில் இருக்கும் ஆளை எண்ணலாமா என்ற கேள்வியும் வரும். வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பவர் படகில் சாப்பிடுவதை வீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆனால் தடைக்காலத்தில் அவர் கரையில் இருப்பதால் வீட்டு அடுப்புக்கு ஒரு வாய் கூடுகிறது. வருமானம் நின்ற அதே நாளில் இந்தக் கூடுதல் சேர்வதும் தடைக்காலச் சிரமத்தின் பகுதிதான். கேள்வி கேட்கும் நாளுக்கு முந்திய நான்கு வாரத்தில் பாதிக்கு மேல் வீட்டில் சாப்பிட்டவரை உறுப்பினராக எடுங்கள்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் மேற்குக் கரைக்கு நான் ஒப்புக்கொள்ளும் வரையறை இப்படி இருக்கும்:

‘இந்த ஆய்வில் உணவுப் பாதுகாப்பின்மை என்பது, குளச்சல் துறைமுகத்து விசைப்படகில் கூலிக்கோ பங்குக்கோ போகும் ஒருவராவது உள்ள குடும்பத்தில், வசதி இல்லாததால் உணவு கிடைப்பதில் ஏற்படும் குறை. இது எச்.எஃப்.ஐ.ஏ.எஸ். ஒன்பது கேள்விகளின் தமிழ் வடிவத்தில், வீட்டுச் சமையலைக் கவனிப்பவரிடம், கடந்த நான்கு வாரத்தைப் பற்றி, ஜூன் 29 முதல் ஜூலை 31 வரை கேட்டு, வழிகாட்டியின் நான்கு வகைகளில் ஒன்றாகக் குறிக்கப்படும். மிதமான, கடுமையான ஆகிய இரண்டு வகையில் விழும் குடும்பங்கள் உணவுப் பாதுகாப்பு இல்லாதவையாகக் கொள்ளப்படும். உணவின் சத்து அளக்கப்படவில்லை.’

இதில் சண்டை போடத் தகுந்த ஒரு முடிவு இருக்கிறது: ‘லேசான’ வகையை வெளியே விட்டது. அந்தக் குளச்சல் வீடு, நான்கு வாரமும் கவலையில் கிடந்தது, இந்த வரையறைப்படி பாதுகாப்புள்ள பக்கம் போய்விடும். விலையில்லா அரிசி இருக்கும் மாநிலத்தில் தடைக்காலத்தின் கஷ்டம் பெரும்பாலும் அந்த லேசான வகையில்தான் தங்கும் என்று வாதிடும் மாணவர் இருந்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் அவர் ‘லேசான’தையும் சேர்த்து வரையறுக்கலாம். ஆனால் அதைத் தரவு பார்த்த பிறகு மாற்றக் கூடாது, முன்னோட்டத்தில் முப்பது வீட்டைப் பார்த்தபோதே முடிவு செய்து முதல் அத்தியாயத்தில் காரணத்தோடு எழுதிவிட வேண்டும். உணவின் வகைகளையும் சேர்த்துப் பார்க்க நேரமும் ஆளும் உள்ளவர் பன்னிரண்டு தொகுதிக் கேள்வியை அதே வருகையில் கடைசியில் கேட்டு, ‘உணவுப் பன்முகம்’ என்று தனிச் சொல்லாக, தனி வரையறையோடு வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கினால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.